ஒரே பெயர், இரண்டு நெட்வொர்க்: காஸ்ட் சின்னத்தைத் தேடிய 26 நாட்கள்

அப்பாவுக்கு 74 வயது. கோயில் திருவிழா நேரலைகளும் பழைய உபன்யாசங்களும்தான் அவருடைய மாலைப் பொழுது. ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடிப்பது அவருக்கு முடியாத வேலை என்பதால், நான் சமையலறையிலிருந்தே என் போனில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ஹாலில் உள்ள டிவிக்கு அனுப்பிவிடலாம் என்ற எண்ணத்தில், கூகுள் காஸ்ட் வசதி உள்ள ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை 3,999 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து என் போனில் அந்தச் சிறிய காஸ்ட் சின்னம் நிலையாகத் தெரியத் தொடங்கிய நாள் வரை 26 நாட்கள் ஆயின. இடையில் தேவையில்லாமல் செலவழித்த பணம் 2,599 ரூபாய். இவ்வளவுக்கும் காரணமாக இருந்தது ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் யாரோ எப்போதோ போட்டு வைத்திருந்த ஒரு டிக் என்பது கடைசியில்தான் தெரிந்தது.

முதல் நாள் எல்லாம் சரியாகவே நடந்தது. ஸ்டிக்கை டிவியில் செருகி, திரையில் வந்த வழிமுறைகளை ரிமோட்டாலேயே முடித்து, வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். யூடியூப் தடையின்றி ஓடியது. ஆனால் போனில் யூடியூபைத் திறந்தால் காஸ்ட் சின்னத்தைக் காணவில்லை. இன்னொரு செயலியில் சின்னம் இருந்தும், அதைத் தொட்டால் சாதனம் எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்திதான் வந்தது. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரியும் உடன் வந்தது. பார்த்தேன், போனிலும் ஸ்டிக்கிலும் ஒரே பெயர்தான் இருந்தது. ஆகவே அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். பின்னால் நடந்த குழப்பங்களில் பாதிக்கு அந்த முடிவே வித்து.

ஸ்டிக்கை மூன்று முறை ஆரம்ப நிலைக்கு மீட்டமைத்தேன். ஒவ்வொரு முறையும் கணக்கு, கடவுச்சொல், புதுப்பிப்பு என்று முக்கால் மணி நேரம் போயிற்று. அப்போது டிவியில் உள்ள யூடியூபில் ஒரு குறியீட்டு எண்ணைப் பெற்று, அதைப் போனில் உள்ளிட்டு இணைக்கும் வழி ஒன்று இருப்பதைக் கண்டேன். செய்து பார்த்தபோது, போனில் தொட்ட காணொளி டிவியில் ஓடியது. மகிழ்ச்சியோடு கூடவே ஒரு தவறான முடிவும் வந்தது: நெட்வொர்க்கில் குறை எதுவும் இல்லை, ஸ்டிக்கின் காஸ்ட் பகுதிதான் பழுது என்று நினைத்துவிட்டேன். டிவிக் குறியீட்டு இணைப்பு வீட்டுக்குள் நடப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. போனும் டிவியும் தனித்தனியே இணையத்தில் உள்ள யூடியூபின் சேவையகத்தோடு பேசுகின்றன. அங்கேதான் இரண்டும் ஜோடி சேர்கின்றன. போன் மொபைல் டேட்டாவில் இருந்தாலும் அது வேலை செய்யும். எனவே அந்த வழி பலிப்பதை வைத்து வீட்டு நெட்வொர்க்கைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது. அவசரத்துக்கு நல்ல மாற்று வழி. நோயறியும் சோதனையாக அதைக் கொள்ளக் கூடாது.

அந்தத் தவறான முடிவின் பேரில் ஸ்டிக்கைத் திருப்பி அனுப்பினேன். மாற்று ஸ்டிக் வர ஒன்பது நாட்கள். அதுவும் அப்படியே இருந்தது. டிவிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி இருப்பதால் சிக்னல் கிடைக்கவில்லையோ என்று 349 ரூபாய்க்கு ஒரு எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கம்பி வாங்கினேன், மாற்றமில்லை. இணையச் சேவை நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தபோது, வேகம் சரியாக வருகிறது, எங்கள் பக்கம் குறை இல்லை என்றார்கள். வேகம் சரியாகத்தான் இருந்தது. நான் கேட்ட கேள்வி வேகத்தைப் பற்றியதல்ல என்பதை எடுத்துச் சொல்ல அப்போது எனக்கு வார்த்தை இல்லை.

அடுத்து, தெருமுனையில் கணினி பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். அவர் போனைப் பார்த்தார், ஸ்டிக்கைப் பார்த்தார், இணையச் சேவை நிறுவனம் கொடுத்த, எங்கள் வீட்டு ரௌட்டராகவும் இயங்கும் ஃபைபர் பெட்டியைப் பார்த்தார். போன் 5 கிகாஹெர்ட்ஸிலும் ஸ்டிக் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் இருப்பதுதான் சிக்கல் என்றும், அந்தப் பெட்டியின் வைஃபையே மட்டமானது என்றும் சொல்லி, புதிய ரௌட்டர் ஒன்றைப் பரிந்துரைத்தார். ரௌட்டர் 1,850 ரூபாய், அவர் கூலி 400 ரூபாய். அலைவரிசை பற்றி அவர் சொன்னது பொதுவாகச் சரியல்ல என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். வீட்டு ரௌட்டர்களில் இந்த இரண்டு அலைவரிசைகளும் உள்ளே ஒரே நெட்வொர்க்காகவே இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் போனும் மற்றொன்றில் ஸ்டிக்கும் இருப்பதால் மட்டும் காஸ்ட் தடைபடாது. ஆனால் சாமான்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு நிற்பவரிடம் வேண்டாம் என்று சொல்லும் துணிவு அன்று எனக்கு இல்லை.

அவர் ஃபைபர் பெட்டியின் ஒரு துளையிலிருந்து கம்பியை இழுத்து, வெளியிலிருந்து இணையம் உள்ளே வருவதற்கென்று புதிய ரௌட்டரில் இருக்கும் நீல நிற வேன் துளையில் செருகினார். பழைய பெட்டியின் வைஃபையை அணைக்கவில்லை. வீட்டில் யாரும் புதுக் கடவுச்சொல்லைத் தேட வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில், புதிய ரௌட்டருக்கும் அதே பெயர், அதே கடவுச்சொல் கொடுத்தார். அவர் இருந்தபோது சின்னம் வந்தது. பணத்தைக் கொடுத்து அனுப்பினேன். மாலையில் சின்னம் போய்விட்டது. மறுநாள் காலை வந்தது. வாசல் பக்கம் போய்விட்டுத் திரும்பினால் மறைந்திருந்தது. அதுவரை இல்லவே இல்லை என்றிருந்த ஒன்று, இப்போது சில நேரம் இருந்து சில நேரம் இல்லாமல் போனது. இந்த இரண்டாவது நிலைதான் என்னை அதிகம் சோர்வடையச் செய்தது. அப்பா, "விடும்மா, நான் ரிமோட்லயே பாத்துக்கறேன்" என்று சொன்ன அன்று எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

திறப்பு ஏற்பட்டது தற்செயலாகத்தான். சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் ஃபைபர் கம்பியை வெட்டிவிட்டார்கள். அன்று இரவு அப்பா எதிர்பார்த்திருந்த நேரலை இருந்தது. அலமாரியில் கிடந்த என் பழைய போனில் சிம்மைப் போட்டு, ஹாட்ஸ்பாட்டை இயக்கி, ஸ்டிக்கையும் என் இப்போதைய போனையும் அதோடு இணைத்தேன். போனில் யூடியூபைத் திறந்தபோது மேல் ஓரத்தில் காஸ்ட் சின்னம் நின்றது. தொட்டேன், ஸ்டிக்கின் பெயர் வந்தது, நேரலை ஓடியது. ஒன்றரை மணி நேரம் ஒருமுறைகூட அறுபடவில்லை. ஸ்டிக் பழுதில்லை, போன் பழுதில்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பெட்டிதான் பழுது என்பது அப்போது ஐயமின்றி விளங்கியது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் திருப்பி அனுப்பிய ஒன்பது நாட்களும் 2,599 ரூபாயும் மிச்சமாகியிருக்கும். உங்கள் ஸ்டிக்கைப் போன் கண்டுபிடிக்கவில்லை என்றால், எதையும் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஆனால் ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனிலிருந்தே காஸ்ட் செய்ய முயலாதீர்கள். பல போன்களில் அது சின்னத்தைக் காட்டாது. ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு போன், காஸ்ட் செய்ய இன்னொரு போன் என்று இரண்டு வேண்டும்.

ஃபைபர் சரியானதும், நடுவில் உள்ள பெட்டியில் என்ன குறை என்று தேடத் தொடங்கினேன். காஸ்ட் எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அது முடியாது என்பதால், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவில் நின்று கூப்பிடுவதைப் போல, போன் தன் நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கிறது: இங்கே காஸ்ட் சாதனம் ஏதாவது இருக்கிறதா? அந்தக் குரல் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 என்ற போர்ட்டில் போகிறது. அதில் தேடப்படும் சேவையின் பெயர் `_googlecast._tcp.local`. அதைக் கேட்ட ஸ்டிக், நான் இருக்கிறேன், என் பெயர் இது, என் முகவரி இது என்று பதில் சொல்கிறது. அதன் பிறகே போனில் சின்னம் தோன்றுகிறது. நாம் சின்னத்தைத் தொட்டதும், போன் அந்த முகவரிக்கு நேரடியாகப் போய், இந்தக் காணொளியை ஓட்டு என்று சொல்கிறது. காணொளியை இணையத்திலிருந்து எடுப்பது ஸ்டிக்கின் வேலை. ஆக, இருவருக்கும் இணையம் கிடைத்தால் மட்டும் போதாது. ஒருவர் குரல் மற்றவர் காதில் விழ வேண்டும். அந்தக் குரலுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒரு நெட்வொர்க்கின் குரல் இன்னொரு நெட்வொர்க்குக்குள் போகாது; எந்த ரௌட்டரும் அதைத் தானாகக் கடத்திவிடாது. இரண்டாவதாக, வைஃபையில் போன் ஸ்டிக்கோடு நேரே பேசுவதில்லை. போன் சொல்வது முதலில் ரௌட்டருக்குப் போகும். ரௌட்டர்தான் அதைத் திரும்ப எல்லோருக்கும் ஒலிபரப்ப வேண்டும். அது ஒலிபரப்ப மறுத்தால், பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இருவரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். என் வீட்டில் இந்த இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே நின்றன.

முதலில் அகப்பட்டது, கடைக்காரர் உண்டாக்கிய சிக்கல். போனின் வைஃபை அமைப்பில் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் உள்ளே ஐபி முகவரி தெரியும். ஸ்டிக்கிலும் நெட்வொர்க் அமைப்பில் அதே இடத்தில் தெரியும். சின்னம் மறைந்திருந்த ஒரு நேரத்தில் இரண்டையும் தாளில் எழுதினேன். போன் 192.168.0.103. ஸ்டிக் 192.168.1.7. மூன்றாவது எண் வேறு. பொதுவாக வீட்டு ரௌட்டர்களில் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டும் ஒரே நெட்வொர்க். புதிய ரௌட்டர் தனக்குக் கீழே 192.168.0 என்று தனியாக ஒரு நெட்வொர்க்கை அமைத்துக்கொண்டிருந்தது. ஃபைபர் பெட்டியின் வைஃபை 192.168.1 என்று தன் வழியில் இருந்தது. இரண்டுக்கும் வெளியே ஒரே பெயர்ப் பலகை மாட்டியிருந்ததால், போனும் ஸ்டிக்கும் எது கைக்குக் கிடைத்ததோ அதில் ஏறிக்கொண்டன. வாசல் பக்கம் போனால் போன் ஃபைபர் பெட்டிக்குத் தாவும். ஸ்டிக்கை அணைத்துப் போட்டால் அது எதில் எழும் என்று சொல்ல முடியாது. போன் எதில், ஸ்டிக் எதில் என்று பார்த்தால் நான்கு சேர்க்கைகள் வரும். அடுத்த இரண்டு நாட்கள் முகவரிகளைக் குறித்துக்கொண்டே வந்ததில், இரண்டும் புதிய ரௌட்டரில் இருக்கும் அந்த ஒரு சேர்க்கையில் மட்டும் சின்னம் வருவதைக் கண்டேன். இரண்டும் ஃபைபர் பெட்டியிலேயே இருந்தபோதும் வரவில்லை. அது ஏன் என்பது இன்னும் புதிராகவே இருந்தது.

இதனிடையே ஒரு சோதனை என்னை வீணாகக் குழப்பியது. மடிக்கணினியைப் புதிய ரௌட்டரில் இணைத்து, ஃபைபர் பெட்டியில் இருந்த ஸ்டிக்கை நோக்கி இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்:

```
ping 192.168.1.7
```

பதில் ஒழுங்காக வந்தது. போய்ச் சேர முடிகிறதே, பிறகு ஏன் சின்னம் இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் எளிது. பிங் என்பது குறிப்பிட்ட ஒரு முகவரிக்குப் போகும் கடிதம். புதிய ரௌட்டர் அதை வெளியே இருக்கும் ஃபைபர் பெட்டியின் நெட்வொர்க்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். காஸ்ட் தேடலோ முகவரி தெரியாமல் எல்லோரையும் பார்த்துக் கூப்பிடும் குரல். அது புதிய ரௌட்டரின் வாசலைத் தாண்டாது. எனவே மூன்றாவது எண் வேறாக இருக்கும்போது பிங் வெற்றி பெறுவதைப் பொருட்படுத்தாதீர்கள்.

ஒரு சனிக்கிழமை காலை புதிய ரௌட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய நிலைக்கே திரும்பினேன். போன் 192.168.1.5, ஸ்டிக் 192.168.1.7, மடிக்கணினி 192.168.1.4. மூன்றும் ஒரே நெட்வொர்க். சின்னம் இல்லை. மடிக்கணினியிலிருந்து மீண்டும் அதே பிங் கட்டளையைக் கொடுத்தேன். இம்முறை வந்த விடை, என் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே வந்த `Destination host unreachable` என்ற வரி. அதாவது, கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்றே கணினிக்குத் தெரியவில்லை. 7 என்ற முகவரிக்காரர் யார் என்று கேட்ட குரலுக்குப் பதில் கிடைக்கவில்லை. சில ரௌட்டர்களில் இதே நிலையில் `Request timed out` என்றும் வரலாம். ஆனால் ரௌட்டரின் முகவரியான 192.168.1.1 உடனுக்குடன் பதில் சொன்னது. தள்ளி இருந்தபோது கேட்டது, ஒரே அறைக்குள் வந்த பிறகு கேட்கவில்லை. அடுத்து, மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, ஃபைபர் பெட்டியிலிருந்து கம்பி வழியாக இணைத்தேன். பிங் பதில் வந்தது. குரோம் உலாவியின் மெனுவில் காஸ்ட் என்பதைத் தொட்டால் ஸ்டிக்கின் பெயரும் வந்தது. கம்பியை எடுத்துவிட்டு வைஃபைக்கு மாறினால் பெயர் மறைந்தது. கம்பியிலிருந்து வைஃபைக்கு வழி இருக்கிறது. ஒரு வைஃபை சாதனத்திலிருந்து இன்னொரு வைஃபை சாதனத்துக்குத்தான் வழி இல்லை. இந்த வேறுபாட்டைக் கண்ட பிறகு, காரணத்துக்குப் பெயர் மட்டும்தான் தெரிய வேண்டியிருந்தது.

அந்தப் பெயர் ரௌட்டருக்கு ரௌட்டர் மாறும். `AP Isolation`, `Client Isolation`, `Wireless Isolation`, `SSID Isolation` என்று பலவாறு எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் வைஃபை அமைப்பில் மேம்பட்ட பிரிவுக்குள் இருக்கும். வைஃபையில் இணைந்தவர்கள் இணையத்துக்குப் போகலாம், ஒருவரையொருவர் தொடக் கூடாது என்பதே இதன் பொருள். இதைக் குறை என்று சொல்லிவிட முடியாது. விடுதிகளிலும் உணவகங்களிலும் முன்பின் தெரியாதவர்கள் ஒரே வைஃபையில் இருக்கும்போது, பக்கத்து மேசைக்காரர் என் மடிக்கணினியைத் துழாவாமல் காப்பது இதுதான். வீட்டு ரௌட்டர்களில் விருந்தினர் வைஃபை என்று தனியாகக் கொடுக்கப்படுவதிலும் இதுபோன்ற தடுப்பு பெரும்பாலும் தொடக்கத்திலேயே போடப்பட்டிருக்கும். ஆகவே உங்கள் ஸ்டிக்கோ போனோ விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்; அப்படி இருந்தால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை, முதன்மை வைஃபைக்கு மாற்றினால் போதும்.

உலாவியில் 192.168.1.1 என்று கொடுத்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு உள்ளே போனேன். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்ற அனுமதி இருந்தது. மேம்பட்ட பிரிவு எனக்குக் காட்டப்படவே இல்லை. சேவை நிறுவனம் கொடுக்கும் பெட்டிகளில் பயனருக்கான கணக்கு சுருக்கமாகவும், நிர்வாகக் கணக்கு அவர்களிடமும் இருப்பது உண்டு. பெட்டியின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியைக் குத்தி எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்ற சபலம் எனக்கும் வந்தது. நல்லவேளையாகச் செய்யவில்லை. அந்தத் துளை வைஃபை அமைப்பை மட்டும் அழிப்பதில்லை. நிறுவனம் அதில் பதிந்து வைத்திருக்கும் இணைய இணைப்பு விவரங்களும் சேர்ந்து போய்விடக்கூடும். பிறகு அவர்கள் ஆள் அனுப்பும் வரை வீட்டில் இணையமே இருக்காது.

மீண்டும் உதவி எண்ணை அழைத்தேன். இம்முறை டிவி, ஸ்டிக், காஸ்ட் என்ற சொற்களையே எடுக்கவில்லை. வைஃபையில் இணைந்த இரண்டு சாதனங்கள் ஒன்றையொன்று பிங் செய்ய முடியவில்லை, கம்பி வழியே முடிகிறது, ஏபி ஐசொலேஷனை அணைத்துக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். வேகத்தைச் சோதிக்கச் சொல்லவில்லை. பெட்டியை அணைத்துப் போடச் சொல்லவில்லை. புகார் நேரே தொழில்நுட்பப் பிரிவுக்குப் போயிற்று. மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். நிர்வாகக் கணக்கில் நுழைந்து, மேம்பட்ட பிரிவைத் திறந்து, அந்த டிக்கைக் காட்டினார். "இது முன்னாடி ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்த பாக்ஸுங்க அக்கா. பேரையும் பாஸ்வேர்டையும் மட்டும் மாத்தியிருக்காங்க, இத யாரும் கவனிக்கல" என்றார். டிக்கை எடுத்துச் சேமித்தார். அரை நிமிடம் வைஃபை போய் வந்தது. என் போன் மீண்டும் இணைந்ததும் சின்னம் வந்தது. அவர் வேலைக்கு ஆன நேரம், அப்பா கொடுத்த காபியைக் குடித்து முடித்த நேரத்தைவிடக் குறைவு. கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

கழற்றி வைத்த ரௌட்டரை வீணாக்க மனமில்லை. எங்கள் வீடு நீளமான பழைய வீடு; பின்னறையில் சிக்னல் உண்மையிலேயே குறைவு. அதன் அமைப்புப் பக்கத்தில் இயங்கும் முறை என்ற இடத்தில் `Access Point` என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த முறையில் அது தனி நெட்வொர்க் அமைக்காது. ஃபைபர் பெட்டியின் நெட்வொர்க்கையே பின்னறைக்கு நீட்டும். இப்போது எந்த மூலையில் நின்றாலும் போனின் முகவரி 192.168.1 என்றுதான் தொடங்குகிறது. பெயர் ஒன்றாக இருப்பதும் இப்போது தொல்லையாக இல்லாமல் வசதியாகிவிட்டது. உங்கள் ரௌட்டரில் அந்த முறை இல்லையென்றால், கையாலும் அமைக்கலாம். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 போல, முதன்மை ரௌட்டர் யாருக்கும் பங்கிடாத ஓர் எண்ணாக மாற்றுங்கள். சாதனங்களுக்கு முகவரி பங்கிடும் அதன் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். பிறகு கம்பியை வேன் துளையில் செருகாமல், மற்ற லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். வேன் துளையில் செருகினால் பழையபடி இரண்டு நெட்வொர்க் ஆகிவிடும். இதிலும் ஒரே பெயர் வைத்தால் அந்த ரௌட்டரின் ஐசொலேஷனும் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியான பின் ஊரிலிருந்து தங்கை வந்தாள். அவளுடைய ஐபோனில் சின்னம் வரவில்லை. ஒரு கணம் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. முகவரியைப் பார்த்தேன், சரியாக இருந்தது; என் போனில் சின்னம் வந்தது; ஆகவே குறை அவள் போனில்தான் என்று தெரிந்தது. 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் உள்ள மற்றச் சாதனங்களைத் தேட ஒவ்வொரு செயலியும் தனியே அனுமதி கேட்கிறது. அவள் அவசரத்தில் வேண்டாம் என்று தொட்டிருக்கிறாள். அமைப்பில் தனியுரிமைப் பிரிவுக்குள் `Local Network` என்ற பட்டியலில் அந்தச் செயலியை இயக்கியதும் சரியாயிற்று. ஒரே ஒரு போனில் மட்டும் சின்னம் வராவிட்டால் ரௌட்டரைத் தொடாமல், முதலில் இந்த அனுமதியையும், விபிஎன் இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். அலுவலக விபிஎன்னோ, விளம்பரத்தைத் தடுக்க விபிஎன் போல இயங்கும் செயலியோ போக்குவரத்தை முழுதும் தன் வழியே திருப்பிவிட்டால், போனின் குரல் வீட்டுக்குள் ஒலிக்காமலே போகலாம். எல்லாப் போன்களிலும் வராவிட்டால் ரௌட்டர் பக்கம் தேடுங்கள்.

விடுதி அறையிலோ, மகனோ மகளோ தங்கிப் படிக்கும் ஹாஸ்டலிலோ இந்தத் தடுப்பை நீக்கச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது, கேட்பதும் முறையல்ல. அங்கே அந்த வைஃபைக்கு வெளியே ஒரு சிறு நெட்வொர்க்கை நாமே வைத்துக்கொள்வதுதான் வழி. போன மாதம் திருச்செந்தூரில் விடுதியில் தங்கியபோது, பழைய போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்து, ஸ்டிக்கையும் என் போனையும் அதில் இணைத்துக்கொண்டேன். காணொளி முழுவதும் அந்தப் பழைய போனின் டேட்டாவில்தான் வரும் என்பதால் தரத்தை 480பி அளவுக்குக் குறைத்து வைத்தேன். இரண்டாவது போன் இல்லாதவர்கள் ஸ்டிக்கை விடுதி வைஃபையிலேயே இணைத்துவிட்டு, டிவிக் குறியீட்டின் மூலம் யூடியூபை மட்டும் இயக்கலாம். ஆனால் உலாவியில் அறை எண்ணும் பெயரும் கேட்கும் விடுதி வைஃபையாக இருந்தால், உலாவியைத் திறந்து காட்ட முடியாத ஸ்டிக்குகள் அந்தப் படியிலேயே நின்றுவிடும்.